உணவங்காடியில் ஒரு மழை: 74 வினாடி அனிமேஷன் காட்சிக்கு ஒலி அடுக்கிய கதை

காட்சி இதுதான். மாலை நான்கு மணி. அக்கம்பக்கத்து உணவங்காடி ஒன்றில் தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தா முன்னால் தே தாரிக், பேத்தி முன்னால் ஆறிப்போன பிராட்டா. வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதைப் பேத்தி சொல்ல வேண்டும்; சொல்ல வாய் வரவில்லை. இடையில் மழை பிடிக்கிறது. 52ஆம் வினாடியில் சொல்லிவிடுகிறாள். மொத்தம் 74 வினாடி, நொடிக்கு 24 ஃபிரேம்.

படம் அழகாக வரைந்திருந்தார்கள். சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வரைந்தது என்று தெரியும். ஆனால் இடம் தேக்கா இல்லை. தகரக் கூரையும் நான்கு பக்கமும் திறந்த சுவருமாகப் பெயரில்லாத ஒரு பழைய உணவங்காடி. என்னிடம் வந்தபோது அதில் தற்காலிக ஒலி ஒன்று போட்டிருந்தார்கள்: இணையத் தொகுப்பிலிருந்து எடுத்த ‘உணவகக் கூட்டம்’ ஒரு கோப்பு, ‘பலத்த மழை’ ஒரு கோப்பு, நடுவில் குரல்கள். இயக்குநர் சொன்ன குறை ஒரே வரி: “அண்ணே, எல்லாச் சத்தமும் இருக்கு, ஆனா அவங்க அங்க இல்ல.”

சரியான குறைதான். நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் உரையாடலோடு அந்த இடத்தின் காற்றும் சேர்ந்தே பதிவாகிவிடும். அனிமேஷனில் அப்படி எதுவும் இலவசமாக வராது. குரல்கள் பஞ்சடைத்த சாவடியில் பதிவானவை. ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை குரல் டிராக்கில் இருப்பது வெறும் சூன்யம். அந்தச் சூன்யத்தின்மேல் ஒரு கூட்டச் சத்தத்தைப் பரப்பினால் கூட்டம் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் நிற்கும்.

தற்காலிக ஒலியைக் கண்ணை மூடிக் கேட்டதும் இன்னொன்றும் தெரிந்தது. தட்டுச் சத்தம் பீங்கானில் முள்கரண்டி படும் சத்தம். நம் உணவங்காடியில் இருப்பது மெலமைன் தட்டு; அதில் கரண்டி பட்டால் ‘டக்’ என்று செத்த சத்தம்தான் வரும், கணீரென்று ஒலிக்காது. நாற்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம் இரண்டு இடத்தில் வந்தது. வரைந்தவர்களோ மேசையோடு சேர்த்துத் திருகிய வட்ட முக்காலியை வரைந்திருந்தார்கள். அதை யாராலும் இழுக்க முடியாது. பார்ப்பவர் இதை எடுத்துச் சொல்லமாட்டார். ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

முதலில் அடித்தளம். ஒலிக்காரர்கள் ரூம் டோன் என்பார்கள்: ஓர் இடத்தில் யாரும் எதுவும் செய்யாதபோது அந்த இடம் எழுப்பும் ஒலி. உணவங்காடிக்கு அறையே கிடையாது என்றாலும் அதற்கென்று ஓர் ஒலி உண்டு. மின்விசிறிகள், பானக் கடையின் குளிர்பெட்டி, சமையல் புகையை இழுக்கும் விசிறி, தூரத்துச் சாலை. அதைப் பதிவு செய்ய ஏற்ற நேரம், பெரும்பாலான கடைகள் மூடிய பிறகு, விசிறிகளை நிறுத்துவதற்கு முன்னால். பகலில் போனால் கூட்டமும் சேர்ந்தே விழும். பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. அடித்தளத்தில் ஆள் குரல் இருக்கவே கூடாது, ஏனென்றால் கூட்டத்தை நான் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும்.

இங்கே விசிறிதான் பெரிய தொல்லை. நேர் கீழே மைக்கை வைத்தால் காற்று மோதி ‘புர்ர்’ என்று அடித்தொனி உறுமும். மெல்லிய நுரை உறை போதாது, ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு வேண்டும். அப்போதும் இரண்டு விசிறிகளுக்கு நடுவில்தான் வைக்க வேண்டும். ஒரு நிமிடப் பதிவு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிக்கடி ஒரு மோட்டார்சைக்கிள் போகும், யாராவது இருமுவார்கள். அவற்றை வெட்டி எறிந்தபின் ஒழுங்கான ஒன்றரை நிமிடம் தேற வேண்டுமென்றால் பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும்.

குளிர்பெட்டியின் ரீங்காரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் இங்குள்ள இயந்திரங்கள் 50, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ரீங்கரிக்கும். அமெரிக்காவில் பதிவான ஒலியில் அது 60, 120. யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் இங்கே பதிவு செய்ததையும் அங்கே பதிவானதையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அருகருகே இரண்டு ரீங்காரம் கேட்கும். ஆகவே ரீங்காரம் ஒரு பதிவிலிருந்து மட்டும். மற்றவற்றில் 120 ஹெர்ட்ஸையும் அதற்குக் கீழே இருப்பதையும் வெட்டிவிட்டேன்.

இந்த அடித்தளத்தை எவ்வளவு சத்தமாக வைப்பது? குரலைவிட ஏறக்குறைய 30 டெசிபல் கீழே வைத்தேன். அந்த அளவில் அது இருப்பதே தெரியாது. சோதனை எளிது: படம் ஓடும்போது அந்த டிராக்கை மட்டும் சட்டென்று அணைத்துப் பாருங்கள். அணைத்த கணம் காது அடைத்ததுபோல இருந்தால் அளவு சரி. அணைத்தது தெரியவே இல்லையென்றால் போதவில்லை. அணைக்காமலே தெரிந்தால் கூடிப்போயிற்று.

குரல்களையும் அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேயே ஒரு பலூனை உடைத்து, அதன் எதிரொலியைப் பதிவு செய்து, அதைக் குரலில் ஏற்றினோம். திறந்த சுவர் என்பதால் எதிரொலி மிகக் குறைவு; தகரக் கூரையிலிருந்தும் சிமெண்டுத் தரையிலிருந்தும் வரும் குட்டையான ஒரு மோதல் மட்டும்தான். இந்தச் சிறு மோதல் இல்லாவிட்டால் குரல் சாவடியிலேயே இருக்கும். அளவு மீறினால் தாத்தா திருமண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் கூட்டம். இதுதான் சிக்கலானது, எனக்குப் பிடித்ததும் இதுதான்.

கூட்டத்தைத் தூரத்தை வைத்து மூன்றாகப் பிரித்தேன். தூரக் கூட்டம் உண்மையான பதிவு: கூடத்தின் மறுகோடியிலிருந்து எடுத்தது, சொல் எதுவும் பிடிபடாத ஒரு முழக்கம். நடுக் கூட்டத்தை ஆட்களை வைத்துப் பதிவு செய்தோம். பக்கத்து மேசை என்பது தனித்தனியாகத் தெரிகிற ஓரிரு குரல்கள், சில அசைவுகள்.

நடுக் கூட்டத்துக்கு ஏன் தனியாக ஆள்? பொது இடத்தில் முன்பின் தெரியாதவர்களின் பேச்சைச் சொல் புரிகிற அளவுக்கு நெருங்கிப் பதிவு செய்து படத்தில் போடுவது நியாயமில்லை என்பது ஒரு காரணம். நமக்கு வேண்டிய இடத்தில் கூட்டம் மாற வேண்டும் என்பது இன்னொன்று. ஆறு பேரை அழைத்தோம். சிங்கப்பூர் உணவங்காடி ஒரே மொழியில் ஒலிக்காது. மாண்டரின், மலாய், தமிழ், ஆங்கிலம் நான்கும் வேண்டும். வயதானவர் ஒருவர் ஹொக்கியன் பேசினால் இன்னும் நல்லது. ஆறு பேரையும் மைக்கைச் சுற்றி நடக்கவிட்டு, முதுகைக் காட்டிப் பேசவிட்டு, இடம் மாற்றி மறுபடி பதிவு செய்தால் முப்பது பேர் கிடைப்பார்கள். எல்லோரும் மைக்கைப் பார்த்தே பேசினால் எத்தனை முறை அடுக்கினாலும் அது வானொலி நாடகம்தான்.

பேச்சுக்கு எழுத்துப் பிரதி கொடுக்கவில்லை, தலைப்பு மட்டும் கொடுத்தோம்: நேற்று வாங்கிய மீன், பேரனின் தேர்வு, மூட்டுவலி. காரசாரமான தலைப்பு கொடுத்தால் யாராவது சுவையாக ஒன்றைச் சொல்லிவிடுவார். பார்ப்பவரின் கவனம் அங்கே போய்விடும்.

காது தன் மொழியைத் தேடிப் பிடிக்கும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். படம் தமிழ்ப் படம். பார்ப்பவருக்கு மாண்டரின் சலசலப்பு வெறும் அலையாகக் கேட்கும். அதே அளவில் ஒரு தமிழ்ச் சொல் வந்தால் அது உரையாடலோடு போட்டிபோடும். ‘ஆஸ்பத்திரி’ என்று நடுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னது தாத்தாவின் வசனத்துக்கு நடுவில் துல்லியமாக விழுந்தது. தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகப்பட வைக்கும் இடம் அது. எடுத்துவிட்டோம். தமிழ்க் குரல்களை மற்ற மொழிக் குரல்களைவிட 4 டெசிபல் குறைத்து, கொஞ்சம் தூரத்துக்குத் தள்ளி, வசனங்களுக்கு இடையில் மட்டும் மேலே வரவிட்டேன். மாண்டரின் தெரிந்த நண்பர் ஒருவரையும் கேட்கச் சொன்னோம். அவர் காதுக்கும் ஏதும் துருத்தக் கூடாதல்லவா?

துருத்தும் இன்னொரு ஆள், சிரிப்பு. கூட்டப் பதிவைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும்போது அதே பெண் அதே மாதிரி இரண்டாம் முறை சிரித்தால் ஏமாற்று வெளுத்துவிடும். அதனால் சிரிப்பு, இருமல், குழந்தை அழுகை எல்லாவற்றையும் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, வேண்டிய இடத்தில் தனியாக ஒருமுறை மட்டும் வைத்தேன். மிஞ்சிய சலசலப்பையும் ஒரே நீளத்தில் சுழற்றவில்லை. ஒன்று 31 வினாடி, இன்னொன்று 43 வினாடி. இரண்டும் சேர்ந்து தொடங்கினாலும் இந்தக் காட்சி முடியும்வரை மறுபடி ஒரே இடத்தில் சந்திக்காது.

பக்கத்து மேசை அடுக்கில் மிகக் கொஞ்சம்தான் வைத்தேன். பிராட்டாக் கடையில் மாவை வீசிக் கல்லில் அறையும் சத்தம், தோசைக்கரண்டி இரும்பில் உரசுவது, பானக் கடைக்காரர் உள்ளே குரல் கொடுப்பது: “ரெண்டு தே தாரிக், ஒரு தே ஓ கொசோங்!” இதில் கடைசியாகச் சொன்னது காட்சியின் 8ஆம் வினாடியில் வருகிறது. பேத்தி பேச வாயெடுக்கும்போது அது குறுக்கே விழுகிறது, அவள் நிறுத்திவிடுகிறாள். படத்தில் அவள் நிறுத்துவதை வரைந்திருந்தார்கள். ஏன் நிறுத்துகிறாள் என்பது ஒலி வந்தபிறகுதான் விளங்கியது.

இனி மழை. மழைக்கென்று தனியாக ஒரு சத்தம் கிடையாது. நாம் கேட்பது அது விழும் பொருளின் சத்தம். தகரத்தில் ஒன்று, தார்ப்பாயில் ஒன்று, தார்ச் சாலையில் ஒன்று, வாழையிலையில் ஒன்று. தற்காலிக ஒலியில் இருந்த மழை ஏதோ ஒரு திறந்த வெளியில் விழுந்தது, வெறும் ‘ஷ்ஷ்’. தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் முழக்கமும் பக்கவாட்டில் இரைச்சலும் கேட்க வேண்டும்.

எந்த மழை என்பதையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இயக்குநர் சுமத்ரா புயல்காற்று மழை வேண்டும் என்றார், ஊளையிடும் காற்றோடு. அது இங்கே பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடித்துவிட்டுப் போவது. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழை என்றால் மணிக்கணக்கில் ஒரே சீராகப் பெய்யும். மாலை நான்கு மணிக்குத் திடீரென்று பிடித்துக்கொள்வது ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர் மாத இடிமழை. அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் குளிர்ந்த காற்று ஒரு வீச்சு, தூரத்து இடி, தனித்தனித் துளிகள், பிறகு மொத்தமாகக் கொட்டல். 74 வினாடிக்குள் நாடகம் நடக்க இந்த வரிசைதான் உதவும். இயக்குநர் ஒப்புக்கொண்டார், காற்று வீச்சை மட்டும் அவருக்காகக் கொஞ்சம் கூட்டினேன்.

26ஆம் வினாடியில் மின்னல் வரைந்திருந்தார்கள். அதே ஃபிரேமில் இடியையும் கேட்டார்கள். அப்படி விழுந்தால் கூரைமேல் இடி விழுந்ததாக அர்த்தம், யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். இடியை நான்கு வினாடி, அதாவது 96 ஃபிரேம் தள்ளி வைத்தேன். இடி ஏறக்குறைய 1.4 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. தூரத்து இடியில் வெடிப்பு இருக்காது, உருட்டல்தான் இருக்கும். மேல்தொனிகளைக் காற்று தின்றுவிடும். அந்த நான்கு வினாடியில் தாத்தா வெளியே பார்க்கிறார். இடி வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

மழையை நான்கு டிராக்காகப் போட்டேன். 33ஆம் வினாடியில் கடை முகப்பின் தார்ப்பாயில் தனித்துளிகள். இவை மட்டும் கையால் ஒவ்வொன்றாக வைத்தவை. 37இல் கூரை முழக்கம் தொடங்குகிறது. 39இல் சாலை இரைச்சல். 46க்கு மேல் கூரைக் குழாயிலிருந்து நீர் கொட்டும் சத்தம், ஏனென்றால் கூரையில் விழுந்த நீர் குழாய்க்கு வந்துசேர நேரம் வேண்டும். குழாய்ச் சத்தம் மழையோடு சேர்ந்தே தொடங்கினால், ஏற்கெனவே பெய்துகொண்டிருந்த மழையின் ஒலியளவை யாரோ திருகிக் கூட்டியதுபோல இருக்கும்.

பதிவு செய்யும்போது ஒரு விஷயம்: மைக் மேல் நேராகத் துளி விழக்கூடாது, விழுந்தால் அந்த ‘டப் டப்’ மழையே இல்லை, காற்றுத் தடுப்பின் சத்தம். கூரைக்கு உள்ளே இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கூரையும் கிடைக்கும், சாலையும் கிடைக்கும், ஆனால் ஒன்றாகக் கலந்து. தனித்தனியாக வேண்டுமென்றால் வேறு வேறு இடத்தில் வேறு வேறு மழையில்தான் எடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் சேர்த்துவைத்ததிலிருந்து எடுத்தேன்.

மழையால் வரும் பெரிய ஆபத்து, அது பேச்சைத் தின்பது. மழை இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும். தமிழின் ச, ஸ, ட, த எல்லாம் தெளிவாகக் கேட்க வேண்டிய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியிலும் அது உட்கார்ந்துவிடும். மழையை மொத்தமாகக் குறைத்தால் தூறலாகிவிடும். அதனால் அந்தப் பகுதியில் மட்டும் 4 டெசிபல் குழி வெட்டினேன், கூரையின் அடிமுழக்கத்தைத் தொடவில்லை. இன்னொரு வழக்கமான உபாயமும் உண்டு: 39 முதல் 42ஆம் வினாடிவரை வசனம் இல்லை, அங்கே மழையை முழு வீச்சில் விட்டேன். அடுத்த ஐந்து வினாடியில் மெல்ல 6 டெசிபல் இறக்கினேன். பெருமழை என்று காது ஒருமுறை ஏற்றுக்கொண்டால் பிறகு குறைவதை அது கணக்கில் எடுப்பதில்லை. நிஜத்திலும் மழை பிடித்த கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் நமக்குப் பழகிவிடுகிறதே.

இவ்வளவும் செய்து, அடித்தளம், கூட்டம், மழை என்ற மூன்று அடுக்கையும் சேர்த்து ஓடவிட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 40ஆம் வினாடிக்குமேல் ஒரு போலித்தனம். மழை கொட்டுகிறது, கூட்டமோ முன்பு பேசிய மாதிரியே பேசிக்கொண்டிருக்கிறது. மழை அவர்கள் காதில் விழவே இல்லை!

இரைச்சல் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். கவனிக்க வேண்டியது, உயர்த்திய குரல் சத்தம் கூடிய குரல் மட்டுமல்ல. சுருதி ஏறும், உயிரெழுத்துகள் நீளும், மேல்தொனிகள் கூர்மையாகும். மிக்ஸில் கூட்டத்தின் ஃபேடரை ஏற்றிப் பார்த்தால் மெதுவாகப் பேசுகிற கூட்டம் பக்கத்தில் வந்துவிட்டதுபோல இருக்குமே தவிர, மழைக்கு மேல் பேசுகிற கூட்டமாக மாறாது.

எனவே அந்த ஆறு பேரையும் மறுபடி வரச்சொல்லி, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, நான் அடுக்கிய மழையையே ஓடவிட்டுப் பேசவைத்தோம். “கத்துங்க” என்று யாரிடமும் சொல்லவில்லை. மழை ஏறியபோது அவர்களே ஏறினார்கள். முதல் கொட்டலின்போது ஒரு விநாடி எல்லோரும் தயங்கி, பிறகு ஒன்றுசேரப் பேசத் தொடங்கினார்கள். எழுதிக் கொடுத்து வாங்க முடியாத விஷயம் அது. காட்சியில் 40ஆம் வினாடியில் பழைய கூட்டத்திலிருந்து புதிய கூட்டத்துக்கு மூன்று வினாடியில் மாறினேன்.

கூட்டம் மாறினால் உடம்பும் அசைய வேண்டும். ஓரமாக இருக்கும் பக்கத்து மேசைக்காரர்கள் சாரலுக்கு எழுந்து உள்ளே வருவார்கள். முக்காலி நகராது என்பதால் செருப்புச் சத்தம், தட்டைத் தூக்கும் சத்தம், நெகிழிப்பை சரசரப்பு, ஒரு குடையை உதறுவது. பானக் கடைக்காரர் இரண்டாம் முறை குரல் கொடுக்கும்போது முன்னைவிட உரக்கக் கத்துகிறார், கடைசி அசையை இழுக்கிறார்.

அப்படியானால் தாத்தா? சாவடியின் அமைதியில் பதிவான அவர் குரல் நூலகத்தில் பேசுவதுபோல் இருந்தது. 43ஆம் வினாடியில் வரும் “காப்பி ஆறிடும்மா” மாதிரியான சாதாரண வசனங்கள்தான் அதிகம் காட்டிக்கொடுத்தன. மூன்று வசனங்களை ஹெட்ஃபோனில் மழையோடு மறுபதிவு செய்யக் கேட்டோம். நடித்த பெரியவர் ஒருமுறை கேட்டுவிட்டுத் தானாகவே மேசைமேல் கொஞ்சம் குனிந்து பேசினார். தே தாரிக்கைக் காப்பி என்று எழுதியிருந்ததையும் அவரே பிடித்துத் திருத்தினார்.

காட்சி வெட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. 74 வினாடியில் படம் பலமுறை வெட்டுகிறது. ஒலி எல்லா வெட்டிலும் மாறக்கூடாது. இடம் ஒன்றுதான் என்பதை ஒலிதான் சொல்கிறது. வெளியிலிருந்து கார் நிறுத்துமிடம் வழியாக உணவங்காடியைப் பார்க்கும் ஒரு ஷாட்டில் மட்டும் முழுவதும் மாற்றினேன்: கூரை முழக்கம் போய், சாலை மழையும் நனைந்த சாலையில் டயர் போகும் சத்தமும் முன்னால் வந்தன. மறுபடி உள்ளே வரும் வெட்டுக்கு அரை வினாடி முன்பே கூட்டம் கேட்கத் தொடங்கும்.

52ஆம் வினாடி. பேத்தி சொல்லும் இடம். மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிட்டு இசையை விடலாம் என்று இயக்குநர் நினைத்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாப் படத்திலும் அதுதான் நடக்கிறது. இரண்டு வினாடியில் நடுக் கூட்டத்தை மட்டும் இறக்கினேன். பக்கத்து மேசை ஏற்கெனவே காலி, அவர்கள் எழுந்து போனதை நாம் கேட்டுவிட்டோம். கூரை மழையும் அடித்தளமும் அப்படியே இருந்தன. அவள் குரலுக்குக் குழி ஏற்கெனவே வெட்டியிருந்ததால் உயர்த்த வேண்டியிருக்கவில்லை. இசை 61இல் தான் வருகிறது.

கடைசியாக, கைப்பேசியில் போட்டுப் பார்த்தோம். கைப்பேசி ஒலிபெருக்கி அடித்தொனியைக் காட்டாது. கூரை முழக்கத்தில் பாதி காணாமல் போனது, மீதி மறுபடி ‘ஷ்ஷ்’ ஆகிவிட்டது. கூரையின் 400 முதல் 800 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் தூக்கி, தார்ப்பாய்த் துளிகளை மழை முழுவதும் அங்கங்கே தொடரவிட்டேன். தகரம் முழுதாகக் கேட்காவிட்டாலும், கூரைக்கடியில் இருக்கிறோம் என்பதைத் தார்ப்பாய் சொல்லிவிடுகிறது. பெரிய திரையில் அந்தத் துளிகள் தேவைக்குக் கொஞ்சம் அதிகம்தான். இரண்டுக்கும் ஒரே மிக்ஸ் என்றால் இந்தச் சமரசம் தவிர்க்க முடியாதது.

மலாய்க் குரலேற்றம் ஒன்றும் திட்டத்தில் இருந்தது. அதற்காக வசனம் நீங்கலாக மற்ற ஒலிகளைத் தனியாகக் கொடுத்தபோது நடுக் கூட்டத்தை மொழிவாரியாகப் பிரித்தே வைத்தேன். மலாய்ப் பார்வையாளருக்குத் துருத்துவது மலாய்ச் சொற்களாக இருக்கும். அப்போது 4 டெசிபல் இறங்க வேண்டியவை அவைதான், தமிழ்க் குரல்கள் பழைய அளவுக்கு ஏறலாம். பானக் கடைக்காரரின் இரண்டு கூவலும் இன்னொரு தனி டிராக்கில் இருக்கின்றன. ‘ரெண்டு’, ‘ஒரு’ என்பதை மட்டும் மலாயில் மறுபதிவு செய்தால் போதும், மீதி எல்லாம் அவர்களுக்கும் அதே சொற்கள்தான்.